லண்டன் கிளையன்ட் 24 மணி நேர சப்போர்ட் கேட்கிறார். நாங்கள் இரண்டே பேர். என்ன எழுதிக் கொடுப்பது?

வைகைப்பாலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரையில் நானும் என் கல்லூரி நண்பரும் சேர்ந்து வூகாமர்ஸ் கடைகள் கட்டிக் கொடுத்துப் பராமரிக்கிறோம். இதுவரை எல்லாம் உள்ளூர் கிளையன்ட்கள்தான். ஏதாவது பிரச்சினை என்றால் போன் அடிப்பார்கள், பார்த்துக் கொடுப்போம், எழுதி வைத்துக்கொண்டதே இல்லை.

இப்போது முதல்முறையாக வெளிநாட்டுக் கிளையன்ட். லண்டனில் ஒரு பெண்மணி வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் ஆன்லைன் கடை நடத்துகிறார். மாதம் 20 மணி நேர வேலைக்கு ரீடெய்னர், நவம்பர் முதல் தொடக்கம். சப்போர்ட் பற்றி அவர் அனுப்பிய மெயிலில் மூன்று வரிகள்தான்: 24 மணி நேரமும் ஆள் வேண்டும், ஒரு மணி நேரத்தில் பதில் வேண்டும், எந்தப் பிரச்சினையானாலும் நான்கு மணி நேரத்தில் சரியாக வேண்டும்.

நண்பர் "ஓகே சொல்லிவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் காலை 10 முதல் இரவு 7 வரை வேலை செய்கிறோம். இப்போது வித்தியாசம் நாலரை மணி நேரம் என்பதால் அவர்களுக்குப் பகல் 2:30 வரை நாங்கள் இருப்போம். மீதிக்கு என்ன செய்வது? இதையெல்லாம் அவர் கோபப்படாமல் எப்படிச் சொல்வது?

---

நைட்ஷிப்ட்_முருங்கை

தம்பி, லண்டன் ஷிப்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் பெருங்குடியில் ஆறு வருடம் பார்த்தேன். மதியம் ஒன்றரைக்குப் போனால் ராத்திரி பத்தரைக்கு கேப் வந்துவிடும். நைட் அலவன்ஸ் எவ்வளவு என்பதை மட்டும் ஆஃபர் லெட்டரில் தெளிவாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். மதுரையில் கேப் தருவார்களா?

---

வைகைப்பாலம்

சார், வேலைக்குச் சேரவில்லை. நாங்கள்தான் கம்பெனி. கேப் போட்டாலும் நாங்களேதான் ஓட்ட வேண்டும். 🙂

---

சுக்குக்காப்பி

இதற்கு ஒரே விதிதான். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தோன்றுகிறதோ அதை இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள். ஒரு நாள் என்றால் இரண்டு நாள். சீக்கிரம் முடித்தால் கிளையன்ட் சந்தோஷப்படுவார், தாமதமானாலும் சொன்ன நேரத்துக்குள் வந்துவிடும். பத்து வருடமாக லோகோ டிசைனில் இதைத்தான் செய்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

---

பழைய_ரிலீஸ்

சுக்குக்காப்பி சொல்வது லோகோவுக்குச் சரி. அது ஒரு வேலை, ஒரு தேதி. சப்போர்ட்டில் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, நீங்கள் எழுத்தில் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு முதல் மாதம் பத்து நிமிடத்தில் பதில் போட்டால், கிளையன்ட் மனதில் பதிவது பத்து நிமிடம்தான். மூன்றாவது மாதம் மூன்று மணி நேரம் ஆனால் "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று மெயில் வரும். இரண்டாவது, தோன்றுகிற நேரம் என்பதே பெரும்பாலும் தப்பு. நாம் நினைவில் வைத்திருப்பது நன்றாக முடிந்த டிக்கெட்களை.

வைகைப்பாலம், நான் 14 வருடமாக சப்போர்ட் டீம்களில் இருக்கிறேன், இப்போது என்னுடையது ஆறு பேர் கம்பெனி. அவருக்குப் பதில் எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உள்ளூர் கிளையன்ட்கள் அனுப்பிய கடைசி 30 பிரச்சினைகளை மெயிலிலிருந்தும் வாட்ஸாப்பிலிருந்தும் எடுத்து ஒரு ஷீட்டில் போடுங்கள். எப்போது கேட்டார்கள், முதல் பதில் எப்போது போனது, வேலை எப்போது முடிந்தது. மூன்று நெடுவரிசை போதும். பிறகு குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்துங்கள். சராசரி எடுக்காதீர்கள். 27ஆவது வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் ஒன்பது முறை நீங்கள் அதற்குள் முடித்திருப்பீர்கள், அதுதான் நீங்கள் தைரியமாகக் கையெழுத்துப் போடக்கூடிய எண்.

அப்புறம் இன்னொன்று. நாலரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இன்றைக்குச் சரி. நவம்பரில் சரியில்லை.

---

வைகைப்பாலம்

அக்கா, நவம்பரில் என்ன ஆகும்?

---

குரோய்டன்_குளிர்

நான் இங்கேயே இருப்பவன், சொல்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி முன்னால் தள்ளுவார்கள், நாலரை ஆகிவிடும். ஊரில் அம்மாவுக்குப் போன் பண்ணும்போது வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் குழப்பம் வரும்.

உங்கள் கணக்கு நவம்பரில் மாறிவிடுகிறது. நீங்கள் இரவு 7 மணிக்கு மூடினால் எங்களுக்கு அப்போது பகல் 1:30 தான். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவர் லேப்டாப்பைத் திறக்கும்போது நீங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

---

பழைய_ரிலீஸ்

அதேதான். அதனால் ஒப்பந்தத்தில் நேரத்தை ஒரே ஊரின் கடிகாரத்தில் எழுத வேண்டும். நான் கிளையன்ட்டின் கடிகாரத்தைத்தான் எழுதுவேன். அவருக்கு மாறவே கூடாது, மாறுவது நமக்கு. "லண்டன் நேரம் காலை 9 முதல் பிற்பகல் 3:30 வரை" என்று போட்டால் கோடையில் உங்களுக்கு மதியம் 1:30 முதல் இரவு 8 வரை, குளிர்காலத்தில் மதியம் 2:30 முதல் இரவு 9 வரை. இரண்டு பேரில் ஒருவர் அந்த ஷிப்டைப் பார்த்தால் போதும். வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்ளலாம்.

"GMT" என்று மட்டும் எழுதாதீர்கள். லண்டன்காரர்களே கோடையில் பழக்கத்தில் அப்படிச் சொல்வார்கள், ஆனால் கோடையில் அங்கே ஓடுவது அது இல்லை. ஒரு மணி நேரச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஊர் பெயரைப் போட்டால் தப்பிக்கலாம். சந்தேகம் வந்தால் லினக்ஸ் மெஷினில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
TZ="Asia/Kolkata" date -d 'TZ="Europe/London" 2026-11-02 15:30'
```

இரவு 9 மணி என்று வரும். அதே வரியில் தேதியை ஜூலைக்கு மாற்றினால் 8 என்று வரும்.

---

தேரடி_வீதி

இவ்வளவு கணக்கு எதற்கு என்று புரியவில்லை. வாட்ஸாப் நம்பரைக் கொடுங்கள், "எப்போது வேண்டுமானாலும் மெசேஜ் போடுங்கள், முடிந்தவரை சீக்கிரம் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். எனக்குத் துபாயில் மூன்று கிளையன்ட், சிங்கப்பூரில் ஒன்று. எழுத்தில் எதுவும் கிடையாது. ஐந்து வருடமாக ஓடுகிறது. மணி நேரம் போட்டு எழுதினால் கிளையன்ட் வக்கீல் மாதிரி எண்ண ஆரம்பித்துவிடுவார்.

---

பழைய_ரிலீஸ்

உங்களுக்கு ஓடுவது உங்களை அவர்கள் ஐந்து வருடமாக அறிந்திருப்பதால். இங்கே புதிய கிளையன்ட், முதல் மெயிலிலேயே மூன்று எண் போட்டுவிட்டார். அவர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். "முடிந்தவரை சீக்கிரம்" என்று நீங்கள் எழுதினால் அவர் அந்த இடத்தில் தன்னுடைய நான்கு மணி நேரத்தை வைத்துப் படிப்பார்.

எனக்கே நடந்தது. வருடம் பல ஆகிவிட்டது, கிளையன்ட் யார் என்பது வேண்டாம். "24 மணி நேரத்துக்குள்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தோம். எங்கள் மனதில் அது பதில் போடுவதற்கான நேரம். அவர்கள் மனதில் அது சரிசெய்து முடிப்பதற்கான நேரம். சனிக்கிழமை ராத்திரி செக்அவுட் பக்கம் நின்றுபோனது. நாங்கள் ஞாயிறு காலை "பார்க்கிறோம்" என்று பதில் போட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குள் பதில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். திங்கள் மதியம்தான் சரியானது. அந்த மாத பில்லில் பாதியைக் கழித்துக்கொண்டார்கள். நாங்கள் வாதாடவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம்.

---

கணக்கு_நோட்டு

என் கதையையும் சொல்கிறேன், வேறு துறைதான். ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடைகளுக்கு டேலி சப்போர்ட் செய்கிறேன். எல்லா மாதமும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எனக்குப் போன் நிற்காது. ஜிஎஸ்டிஆர்-1, 3பி கடைசி நாள்கள். மற்ற நாள்களில் அரை மணி நேரத்தில் ரிமோட்டில் உட்கார்ந்துவிடுவேன். 19, 20 தேதிகளில் நாற்பது கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள்.

முன்பு எல்லோருக்கும் "ஒரு மணி நேரத்தில் வருவேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். மாதத்தில் 26 நாள் காப்பாற்றினேன். மீதி நான்கு நாளில் வாங்கிய திட்டுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இப்போது வேறு மாதிரிச் சொல்கிறேன்: 17ஆம் தேதிக்குள் கேட்டால் அன்றே, 18 முதல் 20 வரை வந்தால் வரிசைப்படி. பாதிப் பேர் 17க்குள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மீதிப் பாதி இன்னும் 20ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருகிறார்கள், அது என் தலையெழுத்து.

தம்பி கேட்டதற்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு எந்த நாள் 20ஆம் தேதி என்று கேட்டுப் பாருங்கள்.

---

குரோய்டன்_குளிர்

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. இங்கே வீட்டு அலங்காரக் கடை என்றால் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடேயிலிருந்து டிசம்பர் மூன்றாவது வாரம் வரைதான் சீசன். கிறிஸ்துமஸுக்கு முன் பார்சல் போய்ச் சேரும் கடைசித் தேதி தாண்டிவிட்டால் அதோடு முடிந்தது. நீங்கள் நவம்பரில் ஆரம்பிக்கிறீர்கள். அதாவது அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நேரே தீபாவளி நெரிசலில் நுழைகிறீர்கள்.

அவர் 24 மணி நேரம் கேட்டதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நான் ஒரு சின்னக் கடையில் பார்ட்டைம் பார்த்திருக்கிறேன். ஆன்லைன் ஆர்டர் அதிகம் வருவது சாயங்காலம், எல்லோரும் வேலை முடிந்து சோபாவில் போனைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நேரம். ஏழு முதல் பத்து வரை. அந்த நேரத்தில் செக்அவுட் நின்றால் அவருக்குக் காசு நேரடியாகப் போகிறது.

---

வைகைப்பாலம்

ஏழு முதல் பத்து என்றால் குளிர்காலத்தில் எங்களுக்கு நள்ளிரவு 12:30 முதல் 3:30. அய்யோ.

---

பழைய_ரிலீஸ்

ஆமாம். இதைத்தான் முதலில் நேராகப் பார்க்க வேண்டும். 24 மணி நேரமும் ஆள் என்பதன் கணக்கு எளிது. வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் பார்த்தால் நான்குக்கு மேல் ஆள் வேண்டும். லீவு, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் சேர்த்தால் ஐந்து. நீங்கள் இரண்டு பேர், அவர் வாங்குவது மாதம் 20 மணி நேரம். எந்த வழியிலும் பொருந்தாது. நண்பர் சொல்கிற "ஓகே" என்பது ஐந்து பேர் வேலையை இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வாங்குவது.

ஆனால் "முடியாது" என்று மட்டும் எழுதினால் அவருடைய பயம் அப்படியே இருக்கும். அவருக்கு வேண்டியது ராத்திரி ஆள் இல்லை, ராத்திரி கடை நிற்காமல் இருப்பது. அதற்கு உங்களால் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. வூகாமர்ஸ் கடை ராத்திரி தானாக விழுவதற்குப் பெரும்பாலும் பகலில் யாரோ எதையோ மாற்றியதுதான் காரணமாக இருக்கும். ப்ளக்-இன் அப்டேட், பேமென்ட் செட்டிங், புதிய டிஸ்கவுண்ட் கூப்பன். எனவே லண்டன் நேரம் பகல் ஒரு மணிக்குப் பிறகு எந்த மாற்றமும் நேரடிக் கடையில் போகாது என்று எழுதுங்கள். அப்போதுதான் மாற்றம் போட்ட பிறகு இரண்டரை மணி நேரமாவது நீங்கள் விழித்திருந்து பார்ப்பீர்கள். வெள்ளிக்கிழமை மாற்றமே கிடையாது. பிளாக் ஃபிரைடே வாரத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து டிசம்பர் சீசன் முடியும்வரை பாதுகாப்பு அப்டேட் தவிர வேறு எதுவும் போடாதீர்கள். தானியங்கி அப்டேட்டையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது உங்களைக் கேட்காமல் ராத்திரி மூன்று மணிக்குப் போட்டுவிடும்.

அதற்கு மேலும் விழுந்தால், முதலில் சர்வரா கடையா என்று பார்க்க வேண்டும். சர்வர் என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க் பல இடங்களில் 24 மணி நேரமும் இருக்கும். அவருடைய பெயரிலேயே அக்கவுண்ட் இருக்கட்டும், அவரே நேராகக் கூப்பிடலாம். ஒரு பக்கத்தில் மூன்று படி எழுதிக் கொடுங்கள்: கடை திறக்கிறதா பாருங்கள், பேமென்ட் நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள், இரண்டும் சரியாக இருந்தும் ஆர்டர் போகவில்லை என்றால் இந்த நம்பரை அழையுங்கள்.

---

தேரடி_வீதி

ஆக கடைசியில் நம்பர் கொடுக்கத்தானே சொல்கிறீர்கள்!

---

பழைய_ரிலீஸ்

கொடுக்கச் சொல்கிறேன். ஒரே காரியத்துக்கு, மெசேஜ் இல்லாமல் அழைப்பு மட்டும். மெசேஜ் போட்டால் அது அவசரமா பேனர் நிறம் மாற்றுவதா என்று படித்தால்தான் தெரியும். தூக்கத்தில் யாரும் படிப்பதில்லை.

---

வைகைப்பாலம்

முப்பது டிக்கெட் ஷீட் போட்டுப் பார்த்தேன். எனக்கே அதிர்ச்சி. நாங்கள் அரை மணி நேரத்தில் பதில் போடுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்கிறது, அது உண்மை. ஆனால் 27ஆவது வரி 5 மணி 20 நிமிடம். கடைசி வரி இரண்டு நாள், நண்பரின் அண்ணன் கல்யாண வாரம்.

வேலை முடிந்த நேரம் இன்னும் மோசம். சின்ன மாற்றங்களில் பாதி அன்றே முடிந்திருக்கிறது. 27ஆவது வரியில் நான்கு நாள். அதற்கு மேலே இருந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டில் நாங்கள் படத்துக்கும் பாஸ்வேர்டுக்கும் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு கிளையன்ட் பாஸ்வேர்டு அனுப்ப ஆறு நாள் எடுத்திருக்கிறார், எட்டாவது நாள் "இன்னும் முடியவில்லையா?" என்றும் கேட்டிருக்கிறார்.

---

பழைய_ரிலீஸ்

நல்ல ஷீட். இனி எண்கள் தானே விழும்.

பதில் நேரம்: உங்கள் 27ஆவது வரி ஐந்து மணிச் சொச்சம். தினம் ஆறரை மணி நேரம்தான் சப்போர்ட் என்பதால் "ஒரு வேலை நாளுக்குள்" என்று எழுதலாம். ஒரு மணி நேரம் என்று அவர் கேட்டதை எல்லாவற்றுக்கும் கொடுக்காதீர்கள். கடையில் ஆர்டரே போகவில்லை என்ற நிலைக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் சப்போர்ட் நேரத்தில் போனில் அழைத்தால். அதற்கு அரை மணி நேரம் என்றே கொடுக்கலாம். போன் எடுப்பதுதானே.

சரிசெய்யும் நேரம்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கடை நின்ற நிலைக்கு "நான்கு மணி நேரத்தில் சரியாகும்" என்று யாராலும் உண்மையாகச் சொல்ல முடியாது. பேமென்ட் நிறுவனம் பக்கம் கோளாறு என்றால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? அதற்குப் பதில், உடனே வேலையைத் தொடங்குவோம், ஆர்டர் போக ஆரம்பிக்கும்வரை மணிக்கு ஒருமுறை நிலவரம் சொல்வோம் என்று எழுதுங்கள். ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை என்றாலும் "இன்னும் கண்டுபிடிக்கவில்லை, இதுவரை இதை இதைப் பார்த்தோம்" என்று சொல்லுங்கள். கிளையன்ட் பொறுமை இழப்பது பெரும்பாலும் நாம் பேசாமல் வேலை பார்க்கும் நேரத்தில்தான். சின்ன மாற்றங்களுக்கு ஐந்து வேலை நாள். உங்களுக்கு நான்கு வருகிறது, ஒரு நாள் தாராளம்.

பாஸ்வேர்டு கதைக்கு ஒரு வரி: எங்களுக்குத் தேவையான தகவலைக் கேட்டு மெயில் அனுப்பிய நேரத்திலிருந்து அது வந்து சேரும்வரை கடிகாரம் நிற்கும். அப்படி நிறுத்தும்போது மெயிலில் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். சொல்லாமல் நிறுத்திவிட்டு மாதக் கடைசியில் ரிப்போர்ட்டில் காட்டினால் ஏமாற்றுவது போல இருக்கும்.

---

சுக்குக்காப்பி

"ஒரு வேலை நாளுக்குள்" என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. இன்று மதியம் மூன்று மணிக்கு மெயில் வந்தால் நாளை மூன்று மணியா, நாளை முடிவா?

---

பழைய_ரிலீஸ்

சரியான கேள்வி. ஒரு உதாரணத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நான் எழுதுவது இப்படி இருக்கும்.

அவர் வெள்ளிக்கிழமை லண்டன் நேரம் பிற்பகல் 3:10க்கு மெயில் அனுப்புகிறார் என்று வையுங்கள். நீங்கள் "நான்கு வேலை மணி நேரத்துக்குள் பதில்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் மனக்கணக்கில் வெள்ளி இரவு 7:10. உங்கள் கணக்கில் வெள்ளிக்கிழமை 3:30 வரை 20 நிமிடம்தான் ஓடியது. மீதி 3 மணி 40 நிமிடம் திங்கள் காலை 9க்குத் தொடங்கி 12:40க்கு முடிகிறது. அந்தத் திங்கள் மே கடைசித் திங்களாக இருந்தால் அங்கே பேங்க் ஹாலிடே, செவ்வாய் 12:40. அவர் நினைத்த நேரத்துக்கும் நீங்கள் நினைத்த நேரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட நான்கு நாள். இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் படித்தார்கள்.

அதனால்தான் சின்ன டீமுக்கு மணி நேரக் கணக்கை விட "லண்டன் நேரம் பகல் 12க்குள் வந்தால் அன்றே 3:30க்குள் பதில், 12க்குப் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள் 3:30க்குள்" என்பது எனக்குப் பிடிக்கும். கால்குலேட்டர் வேண்டாம். கூரியர்க்காரர் "நாலு மணிக்குள் கொடுத்தால் இன்றைக்கே கிளம்பும்" என்று சொல்வது மாதிரி, யாருக்கும் புரியும். ஆனால் உங்கள் 27ஆவது வரியோடு பாருங்கள்: 11:55க்கு வந்தால் மூன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. அந்த ஷிப்டில் இருப்பவர் 12 மணிக்கு இன்பாக்ஸைக் கட்டாயம் திறக்க வேண்டும். அந்தப் பழக்கம் வராது என்றால் 11 என்று போடுங்கள்.

---

கணக்கு_நோட்டு

லீவு நாள் யாருடையது? பொங்கலுக்கு அங்கே லீவு இல்லையே.

---

குரோய்டன்_குளிர்

இங்கிலாந்தில் வழக்கமாக வருடத்துக்கு எட்டு பேங்க் ஹாலிடே. பொங்கல், தீபாவளி எதுவும் அதில் கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். லீவு எடுப்பது பிரச்சினையே இல்லை. லீவு என்பதை அன்று காலை ஆட்டோ ரிப்ளையில் தெரிந்துகொள்வதுதான் எரிச்சல். வருட ஆரம்பத்திலேயே தேதிகளைக் கொடுத்துவிட்டால் அவர் காலண்டரில் போட்டுக்கொள்வார். பொங்கல் என்றால் என்னவென்று கேட்பார், சர்க்கரைப் பொங்கல் படம் அனுப்புங்கள்.

---

பழைய_ரிலீஸ்

என் வழக்கம்: அங்கத்தைய பேங்க் ஹாலிடேக்களும், நமக்கு ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அவற்றோடு பொங்கல் இரண்டு நாள், தீபாவளி ஒரு நாள். பட்டியல் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில். பொங்கல் அன்றும் கடை நின்றால் அழைக்கும் நம்பர் ஓடும். இரண்டு பேரும் ஒரே நாளில் குலதெய்வக் கோயிலுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

---

தேரடி_வீதி

ராத்திரி அழைப்புக்குக் காசு வாங்குவீர்களா? நான் வாங்குவதில்லை. வாங்க ஆரம்பித்தால் கிளையன்ட் உண்மையான அவசரத்துக்கே கூப்பிடத் தயங்குவார். காலையில் நாலு மடங்கு வேலையாக வந்து நிற்கும்.

---

பழைய_ரிலீஸ்

நான் வாங்குவேன். ஒரு அழைப்புக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் என்று 20 மணி நேரத்திலிருந்து கழிப்பேன். தூக்கம் கெட்டால் மறுநாள் பாதி போகிறது, அதை யார் தருவார்? இலவசம் என்றால் இரண்டாவது மாதத்தில் நள்ளிரவு ஒரு மணிக்கு "இந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா" என்று வரும்.

---

தேரடி_வீதி

எனக்கு அப்படி ஒருமுறைகூட வந்ததில்லை.

---

கணக்கு_நோட்டு

எனக்குத் தினமும் வருகிறது.

---

வைகைப்பாலம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவருக்கு அனுப்பியதன் சாரத்தை இங்கே போடுகிறேன், யாருக்காவது உதவும்.

"சப்போர்ட் நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை, லண்டன் நேரம் காலை 9 முதல் பிற்பகல் 3:30 வரை. காலை 11க்குள் வரும் மெயிலுக்கு அன்றே பதில், பிறகு வருவதற்கு அடுத்த வேலை நாளில். கடையில் யாரும் ஆர்டர் போட முடியாத நிலையில் சப்போர்ட் நேரத்தில் அழைத்தால் அரை மணி நேரத்தில் வேலை தொடங்கும், மணிக்கு ஒருமுறை நிலவரம் வரும். சப்போர்ட் நேரம் முடிந்த பிறகு லண்டன் நேரம் மாலை 6 வரை அழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவர் பார்ப்பார். அதன் பிறகு காலை வரை நாங்கள் உறுதி தரமுடியாது. அந்த நேரத்துக்கான மூன்று படிகள் இணைப்பில். சின்ன மாற்றங்கள் ஐந்து வேலை நாளுக்குள். தகவலுக்குக் காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது, காத்திருக்கிறோம் என்பதை மெயிலில் சொல்வோம்."

வெள்ளிக்கிழமை உதாரணத்தையும் இந்த 11 மணிக் கணக்குக்கு ஏற்ப மாற்றிக் கீழே போட்டேன். மாற்றம் போடாத நாள்கள், லீவுப் பட்டியல் தனித்தாளில். மாலை 6 என்று போட்டதற்குக் காரணம் அது குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 11:30, அதுவரை எப்படியும் விழித்திருப்போம்.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. நான் பயந்த மாதிரி 24 மணி நேரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பு வேலை பார்த்தவர்கள் திடீரென்று மூன்று நாள் பதில் போடாமல் இருந்துவிட்டார்களாம், அதனால்தான் அப்படிக் கேட்டாராம். பகல் ஒரு மணிக்குப் பிறகு மாற்றம் கிடையாது என்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. பிளாக் ஃபிரைடே அன்றும் அதற்கு அடுத்த திங்கள் அன்றும் மட்டும் லண்டன் நேரம் இரவு 10 வரை ஒருவர் விழித்திருக்க முடியுமா, தனியாகக் காசு தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். அதாவது எங்களுக்கு அதிகாலை 3:30.

நண்பர் இரண்டு நாளும் தானே பார்க்கிறேன் என்கிறார். எவ்வளவு கேட்பது என்றுதான் தெரியவில்லை. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேட்பதா, 20 மணி நேரத்தில் இரட்டிப்பாகக் கழிப்பதா?

---

பழைய_ரிலீஸ்

மொத்தமாக. வேலை வந்தாலும் வராவிட்டாலும் விழித்திருப்பதற்கு. மறுநாள் மதியம் வரை அவரை யாரும் எழுப்பக்கூடாது என்பதை உங்கள் இருவருக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

---

தேரடி_வீதி

முதல் வருடம் இலவசமாகச் செய்யுங்கள், அடுத்த வருடம் அவரே தருவார்.

---

நைட்ஷிப்ட்_முருங்கை

நான் முதலிலேயே சொன்னேன், நைட் அலவன்ஸ்!